காது வலிக்கிறது, காதில் ஒன்றுமில்லை

"மூணு மாசமா வலது பக்கம் மட்டும் தொண்டையும் காதும் வலிக்குது. காது டாக்டர் பார்த்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டார். தாடை மூட்டாலயும் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறதாலயும் இப்படி வரும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வரும். பெரம்பூரில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இது அன்றாடம் பழகிய புகார். ஆனால் இவர்கள் யாரும் முதலில் என்னிடம் வருவதில்லை. காது வலிக்கிறது என்றால் யார் பல் டாக்டரிடம் போவார்கள்? காதுக்குச் சொட்டு மருந்து, தொண்டைக்கு ஆன்டிபயாடிக், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, வீட்டில் பாட்டி இருந்தால் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் வருவார்கள். (அந்த எண்ணெயைத் தயவுசெய்து காதில் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது வேறு தொல்லையைக் கொண்டுவரும்.)

முதலில் ஒரு சின்னச் சோதனை. சுண்டுவிரலைக் காதுத் துளையில் லேசாக வைத்து, நுனியை முன்பக்கம், அதாவது முகத்தின் பக்கம் அழுத்திக்கொண்டு, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. தாடை மூட்டுக்கும் காதுக் குழாய்க்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புச் சுவர் மட்டும்தான். போதாததற்கு, மூட்டிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புக் கிளைதான் காதுக் குழாயின் முன்பக்கத்துக்கும் செவிப்பறையின் ஒரு பகுதிக்கும் போகிறது. ஒரே வயரில் இரண்டு வீட்டுக்கு மின்சாரம் இழுத்ததுபோல. எந்த வீட்டில் கோளாறு என்று மூளையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது காது என்று சொல்லிவிடுகிறது, நாமும் நம்பிவிடுகிறோம். மெல்லும் தசைகளுக்குப் போகும் அதே பெரிய நரம்பு, செவிப்பறையை இழுத்துப் பிடிக்கிற ஒரு குட்டித் தசைக்கும் போகிறது. காது அடைத்ததுபோல இருக்கிறது, ஆனால் கேட்பது சரியாகத்தான் கேட்கிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

தொண்டை எப்படி இதில் வந்தது என்றுதான் பலருக்குச் சந்தேகம். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் சதை எல்லாருக்கும் தெரியும். அதேபோல ஒரு தசை தாடை எலும்பின் உள்பக்கமும் இருக்கிறது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டும் சேர்ந்து தாடைக் கோணத்தைத் தூளிபோல ஏந்திப் பிடித்திருக்கின்றன. உள்ளே இருக்கும் தசை, டான்சில் இருக்கும் தொண்டைச் சுவருக்குச் சற்று வெளிப்பக்கமாக ஓடுகிறது. அது இறுகி நொந்துபோனால் தொண்டையின் ஒரு பக்கத்தில், ஆழத்தில், விரல் வைத்துக் காட்ட முடியாத ஒரு வலி வரும். எச்சில் விழுங்கும்போது தாடை கொஞ்சம் சேர்ந்து நிற்க வேண்டியிருப்பதால் அப்போதும் தெரியும். விழுங்கினால் வலிக்கிறது என்றதும் நாம் தொண்டை என்று முடிவு கட்டிவிடுகிறோம். டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பும் இருக்காது, வெள்ளையும் இருக்காது.

அந்தத் தசைகளை நோகவைப்பது பெரும்பாலும் பல்லைக் கடிக்கும் பழக்கம்தான். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று தூக்கத்தில் நறநறவென்று அரைப்பது. பக்கத்தில் படுப்பவருக்குக் கேட்கும், கடிப்பவருக்குத் தெரியாது. குழந்தை அப்படிக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று வீட்டில் சொல்வார்கள். பெரியவர்களிடம் அந்தக் கதை செல்லாது. மனஅழுத்தம், சாயங்காலத்துக்கு மேல் குடிக்கும் காபி, மது, சிகரெட், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், இவையெல்லாம் அதைக் கூட்டக்கூடியவை. இரண்டாவது வகை பகலில் சத்தமே இல்லாமல் பல்லோடு பல்லை அழுத்தி வைத்திருப்பது. என் அனுபவத்தில் இதுதான் அதிகம் தப்பிப் போகிறது. "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுறேன் டாக்டர்" என்று வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறவர், நிஜமாகவே கடித்துக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. ஓ.எம்.ஆரில் மணிக்கணக்காகக் கம்ப்யூட்டர் முன் இருப்பவரும் சரி, கத்திப்பாராவில் பைக்கோடு நெரிசலில் நிற்பவரும் சரி.

சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் தொடக்கூடாது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளில் பற்கள் ஒன்றையொன்று தொடும் நேரம் 20 நிமிடம் அளவுக்குத்தான் வரும் என்று எங்கள் பாடத்தில் படித்திருக்கிறோம். இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடம் உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? இதற்கு மேல் எளிய சோதனை எனக்குத் தெரியாது. போனில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். அடிக்கும் ஒவ்வொரு தடவையும் பல் எங்கே இருந்தது என்று ஆம், இல்லை என்று மட்டும் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

சரி, இப்போது கண்டுபிடிப்பதற்கு வருவோம். நான் முதலில் கேட்பது வலி எப்போது வருகிறது என்பதைத்தான். இரவில் அரைப்பவருக்குக் காலையில் எழும்போதே தாடை கல்லாக இருக்கும், நெற்றிப்பொட்டில் தலைவலி இருக்கும், பத்துப் பதினொரு மணிக்குள் தளர்ந்துவிடும். பகலில் அழுத்துபவருக்குக் காலை நன்றாக இருந்து சாயங்காலம் ஏறும். இரண்டு வகைக்குமே கொட்டாவி விடும்போது, முறுக்கு, சீடை, கரும்பு கடிக்கும்போது, பரோட்டா மெல்லும்போது, போனில் நிறையப் பேசிய பிறகு வலி கூடும். கிருமியால் வந்த காது வலிக்கும் தொண்டை வலிக்கும் இப்படி ஒரு கால அட்டவணை இருக்காது. காய்ச்சல், சளி, காதில் நீர் வடிதல், நெறி கட்டுதல் என்று ஏதாவது துணைக்கு வரும். சில நாளில் ஏறும், சில நாளில் இறங்கும். மூன்று மாதம் ஒரே மாதிரி நிற்பது அரிது. காது மடலைப் பிடித்து இழுத்தால் உயிர் போகிறது என்றால் அது காதுக் குழாய்ப் புண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து கண்ணாடி முன் நில்லுங்கள். வாயைத் திறந்து ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழைய வேண்டும். அளவுகோலில் 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது, 35க்குக் கீழே போனால் குறைவு. திறக்கும்போது தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று பாருங்கள். மூட்டு ஒழுங்காக நகராவிட்டால் பெரும்பாலும் அந்தப் பக்கமே கோணும். டக் என்று ஒரு சத்தம் வரலாம். மூட்டுக்குள் இருக்கும் மெத்தைபோன்ற வட்டு முன்னே நழுவியிருந்து, திறக்கும்போது பழைய இடத்துக்குத் தாவுகிற சத்தம் அது. வலியில்லாத வெறும் டக் சத்தம் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அதற்கு வைத்தியமே வேண்டாம். சத்தம் திடீரென்று நின்று, அதோடு வாயும் திறக்க மறுத்தால்தான் கவலை. வட்டு சிக்கிக்கொண்டது என்று அர்த்தம்.

பிறகு வாய்க்குள் பாருங்கள். நாக்கின் ஓரத்தில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருக்கலாம். கன்னத்தின் உள்பக்கம், பற்கள் சேரும் உயரத்தில், வெள்ளையாக ஒரு கோடு ஓடலாம். கோரைப்பல்லின் கூர் போய்த் தட்டையாகியிருக்கலாம். இவை கடிப்பதற்கான தடயங்கள், அவ்வளவுதான். தேய்ந்த பல் பத்து வருடத்துக்கு முந்தைய கதையையும் சொல்லும். அதை வைத்து மட்டும் இன்றைய வலிக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது.

தீர்ப்புக்கு நான் நம்புவது விரலைத்தான். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு தாடையைத் தளரவிட்டு, அங்கே விரலால் நன்றாக அழுத்தி ஐந்து நொடி வைத்திருங்கள். சமையலறைத் தராசில் ஒரு கிலோ காட்டும் அளவுக்கு அழுத்தம். கன்ன எலும்புக்குக் கீழிருந்து தாடைக் கோணம்வரை நாலைந்து இடத்தில் இப்படிச் செய்யுங்கள். பிறகு காதுக்கு முன்னால் மூட்டின்மேல், பாதி அழுத்தம் போதும். கடைசியாகத் தாடைக் கோணத்துக்கு அடியில் விரலைக் கொக்கிபோல வளைத்து, எலும்பின் உள்பக்கத்தை மேல்நோக்கி அழுத்துங்கள். கழுத்துப் பக்கம் அழுத்த வேண்டாம், எலும்பை விட்டு விரல் விலகக்கூடாது. ஒவ்வொன்றையும் நல்ல பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது வலிக்கிறதா என்பது இல்லை. அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். அழுத்தும்போது உங்களுடைய அதே வலி, அதே காதுக்குள், அதே தொண்டைக்குள் கிளம்புகிறதா என்பதுதான் கேள்வி. நாற்காலியில் இருப்பவர் சட்டென்று என் கையைப் பிடித்து "இதேதான் டாக்டர்" என்பார். எக்ஸ்ரே எதுவும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடில்லை. தசைக் கோளாறு எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது.

இன்னொன்று, ஐஸ்கிரீம் குச்சி. அதை நல்ல பக்கத்துக் கடைவாய்ப் பற்களில் வைத்துக் கடிக்கும்போது வலியுள்ள பக்கத்தில் காதுக்கு முன்னால் சுருக்கென்றால் மூட்டைச் சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் கடித்தால் எதிர்ப்பக்க மூட்டுக்குத்தான் பாரம் ஏறும். வலியுள்ள பக்கம் கடிக்கும்போது கன்னத்துச் சதையில் வலித்தால் தசை. குறிப்பிட்ட ஒரு பல்லில் மட்டும், முக்கியமாகக் கடித்துவிட்டு விடும் நொடியில், மின்னல்போல வெட்டினால் அது கீறல் விட்ட பல். பல் கடிப்பவர்களுக்கு இது மூட்டுக் கோளாறோடு கூடவே வரும், அதுவும் காதுக்கு வலியை அனுப்பும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றித்தான். நாற்பதைத் தாண்டிய பெண், கணக்கு வேலை. இடது காதிலும் இடது தொண்டையிலும் நாலு மாதமாக வலி. இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடித்திருந்தார். ஒவ்வொரு தடவையும் முதல் வாரம் குறைந்ததாகச் சொன்னார். சீட்டைப் பார்த்தேன், இரண்டு தடவையும் கூடவே வலி மாத்திரை இருந்தது. குறைத்தது அதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டு அடித்தொண்டைவரை பார்த்துச் சுத்தம் என்று எழுதியிருந்தார். வாய் 33 மில்லிமீட்டர் திறந்தது. வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நானே மெல்ல அழுத்தியபோது 42க்குப் போனது. மூட்டு சிக்கியிருந்தால் இப்படிச் சுலபமாக நீளாது, தசை பிடித்து நிறுத்தியிருந்தால் நீளும். இடது கன்னத்துச் சதையின் மேல்பகுதியில் அழுத்தினேன், காது வலித்தது. தாடைக் கோணத்தின் உள்பக்கம் அழுத்தினேன், தொண்டை என்றார்.

ஏன் இப்போது என்பதுதான் புரியவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு என்று அவரே ஒரு காரணம் வைத்திருந்தார். ஆனால் வலி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மூன்றாவது தடவை கேட்டபோது, கணவர் வெளியே போன பிறகு, மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் எடுப்பதைச் சொன்னார். தொடங்கி ஆறேழு வாரத்தில் காது வலி வந்திருக்கிறது. இந்த வகை மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பைத் தூண்டும். நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்தேன். அந்த மருத்துவர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் மாற்றினார். நான் இரவில் பற்கள்மேல் மாட்டிக்கொள்ளும் கடினமான அக்ரிலிக் உறை, ஸ்பிளிண்ட் என்பார்கள், ஒன்று செய்துகொடுத்தேன். ஆறாவது வாரம் தொண்டை வலி போய்விட்டது. காது முழுதாக அடங்க மூன்று மாதம் ஆனது.

நீங்கள் சொன்னதில் எனக்குத் தயக்கம் தரும் இடம் ஒன்று உண்டு. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றவர் காதை மட்டும் பார்த்தாரா, மூக்கு வழியாகக் குழாய் விட்டு நாக்கின் அடிப்பகுதியையும் அடித்தொண்டையையும் பார்த்தாரா? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வரும் புற்றுநோயும் ஆரம்பத்தில் ஒரு பக்கத் தொண்டை வலியாகவும், சுத்தமாக இருக்கும் காதில் வலியாகவும் மட்டும் வரலாம். தாடைத் தசை அழுத்தினால் வலிக்கிறது என்பது அதை விலக்கிவிடாது, இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். ஒரு பக்கத் தொண்டை வலி மூன்று வாரத்தைத் தாண்டினாலே அந்தச் சோதனை வேண்டும். குரல் கம்மல், கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், சாப்பாடு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, முகத்தில் மரத்துப்போவது இவற்றில் ஒன்று இருந்தாலும், புகையிலையோ மதுவோ பழக்கமிருந்தாலும், நாள் தள்ளவே கூடாது.

பாக்கு, மாவா, ஹான்ஸ் போடுபவருக்கு வாய் திறப்பு குறைந்தால் அதை மூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். காரம் பட்டால் எரியும், கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைத்திருக்கும். சவ்வு இறுகுகிற வேறு நோய் அது. ஐம்பதைத் தாண்டியவருக்குச் சாப்பாட்டை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை சோர்ந்து வலிப்பதோடு நெற்றிப்பொட்டு தொட்டால் வலி, பார்வை மங்கல் என்றால் அன்றே மருத்துவமனை, கண் போகக்கூடிய ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். படி ஏறும்போது வந்து நின்றால் போகிற தாடை வலிக்கு இதயத்தைப் பார்க்க வேண்டும். விழுங்கும்போது சில நொடி ஷாக் அடிப்பதுபோல் வந்து போவது நரம்பு வலி, அதன் வைத்தியமே வேறு.

தொண்டைச் சோதனை சுத்தமாக வந்த பிறகு பல் மருத்துவக் கல்லூரி எதிலும் வாய் மருத்துவத் துறை என்று கேளுங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அலாரம் வைத்துக் குறித்த தாளையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எடுத்துப் போங்கள்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது குறைவுதான், ஆனால் வேலை செய்யும். மெத்தென்ற சாப்பாடு இரண்டு வாரம், சூயிங்கம் வேண்டாம், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் 15 நிமிடம் காலையும் இரவும் வையுங்கள், கொட்டாவி வரும்போது மோவாய்க்குக் கீழே கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள். "ன" என்று சொல்லும்போது நாக்கு நுனி தொடும் இடத்தில் நாக்கை வைத்திருந்தால் பற்கள் தாமாகவே விலகி நிற்கும். பகல் கடிப்புக்கு ஸ்பிளிண்ட்டை விட இது மேல். இரவு ஸ்பிளிண்ட் கடிப்பதை நிறுத்தாது, பல்லைக் காப்பாற்றும், பலருக்கு வலியையும் குறைக்கும். கடைகளில் விற்கும் வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மெத்தென்ற பல் உறையை மாதக்கணக்கில் போடாதீர்கள், சிலர் அதையே இன்னும் மென்று தசையை நோகடித்துக்கொள்கிறார்கள். கடி சரியில்லை, பல்லைச் செதுக்கிச் சரி செய்யலாம் என்று யாராவது முதல் நாளே சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். செதுக்கிய பல் திரும்ப வளராது, இந்த வலியில் பெரும்பாலானவை அதில்லாமலே அடங்கும்.